ஏ.சி போட்டால் வண்டி ஏன் இழுப்பதில்லை?

எஞ்சினில் ஓடும் பெரும்பாலான கார்களில் ஏ.சி.க்கெனத் தனி மோட்டார் கிடையாது. சக்கரங்களைச் சுழற்றும் எஞ்சின்தான் ஏ.சி.யையும் ஓட்டுகிறது. பழைய காரில் ஏ.சி பொத்தானை அழுத்தியதும் வண்டி மந்தமாவதற்கு அடிப்படைக் காரணம் இதுவே. ஆனால் எஞ்சினில் ஓடும் புதிய காரிலும் பெரும்பாலும் ஏற்பாடு இதேதான். அங்கே தெரியாத மந்தம் பழைய காரில் மட்டும் ஏன் இவ்வளவு தெரிகிறது என்பதற்குத் தனியாக விடை காண வேண்டும்.

சென்னையில் வாடகைக்கு ஓடிய டீசல் இண்டிகாக்களில் இந்த மந்தம் நன்றாகவே தெரியும். மதிய வெயிலில் கிண்டியை நெருங்கும்போது பயணி, "ஏ.சி போடுங்கண்ணா" என்கிறார். ஓட்டுநர் பொத்தானை அழுத்துகிறார். பானெட்டுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது, எஞ்சினின் உறுமல் ஒரு கணம் தாழ்ந்து மறுபடி எழுகிறது. கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறத் தொடங்கியதும் வண்டி திணறுகிறது. வண்டியில் ஏதாவது கோளாறா என்று பயணி கேட்க, ஓட்டுநர் சொல்கிறார்: "கோளாறு இல்லை சார். ஏ.சி போட்டா கம்ப்ரசரும் எஞ்சின் மேலதான் ஏறி உட்காரும். புது வண்டியா இருந்தா தாங்கிடும். இது பழசு, கையில மிச்சம் கம்மி. அதான் மேட்டுல இழுக்க மாட்டேங்குது."

அவர் சொல்லும் 'மிச்சம்' என்பதில்தான் முழு விளக்கமும் இருக்கிறது. அதற்கு முன் அந்த 'டக்' சத்தம் எதிலிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

எஞ்சினின் முன்பக்கத்தில் ஒரு புல்லி சுழல்கிறது. அதிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட் கம்ப்ரசரின் புல்லிக்குச் செல்கிறது. ஏ.சி அணைந்திருக்கும்போது கம்ப்ரசர் புல்லி சும்மா சுழலும், உள்ளே உள்ள தண்டு அசையாது. பொத்தானை அழுத்தியதும் புல்லிக்குள் இருக்கும் மின்காந்தம் உயிர்பெற்று, முன்னால் உள்ள தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கிறது. இதுதான் காந்த கிளட்ச். 'டக்' என்பது அந்தத் தட்டு ஒட்டும் சத்தம். அந்த நொடியிலிருந்து கம்ப்ரசர் தண்டு எஞ்சினோடு சேர்ந்து சுழலத் தொடங்குகிறது.

கம்ப்ரசரின் வேலை, குளிர்வாயுவை அழுத்துவது. காருக்குள் டேஷ்போர்டின் பின்னால் இருக்கும் கூலிங் காயிலிலிருந்து வாயு சுமார் 30 பி.எஸ்.ஐ அழுத்தத்தில் வருகிறது. கம்ப்ரசர் அதை 200 முதல் 250 பி.எஸ்.ஐ வரை அழுத்தி, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டன்சருக்குத் தள்ளுகிறது. அங்கே வாயு தன் வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுத் திரவமாகிறது. அந்தத் திரவம் மீண்டும் கூலிங் காயிலுக்குள் சென்று ஆவியாகும்போது காருக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வெளியே வெயில் ஏறினால் கண்டன்சரால் வெப்பத்தை எளிதில் விட முடியாது. அதனால் அழுத்தம் இன்னும் உயர்கிறது, கம்ப்ரசரைச் சுழற்றுவதும் கடினமாகிறது. சென்னையின் ஈரக்காற்றால் இன்னொரு சுமையும் சேர்கிறது. அந்த ஈரத்தையும் கூலிங் காயில் நீராக்கிப் பிரிக்க வேண்டியிருக்கிறது. வண்டிக்கு அடியில் சொட்டும் தண்ணீர் அதுதான்.

நகர வேகத்தில் இதற்கெல்லாம் எஞ்சினிலிருந்து 3 குதிரைத்திறன் அளவுக்குப் போகிறது. எஞ்சின் வேகமாகச் சுழலும்போது 5 வரை போகலாம். டர்போ இல்லாத பழைய டீசல் இண்டிகாவில் இருப்பது 1405 சி.சி எஞ்சின். அதன் உச்சத் திறன் சுமார் 53 குதிரைத்திறன். அதில் 3 போனால் என்ன பெரிய நஷ்டம் என்று தோன்றலாம். ஆனால் அந்த 53 கிடைப்பது எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்று சுற்றும்போதுதான். நகர நெரிசலில் யாரும் அந்த வேகத்தில் எஞ்சினைச் சுழற்றுவதில்லை. மூன்றாவது கியரில் மணிக்கு 30 கி.மீ. போகும்போது எஞ்சின் 1,500 சுற்று அளவில்தான் ஓடும். அந்தச் சுற்றில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தாலும் புதிய எஞ்சின் தரக்கூடியது ஏறத்தாழ 16 குதிரைத்திறன் மட்டுமே.

இனி மேம்பாலக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பயணிகளோடு சேர்த்து வண்டியின் எடை 1,300 கிலோ, பாலத்தின் சரிவு 25 அடிக்கு ஓர் அடி ஏற்றம், வேகம் மணிக்கு 30 கி.மீ. என்று கொள்வோம். அந்த எடையை மேலே தூக்க சுமார் 6 குதிரைத்திறன் வேண்டும். டயரின் உராய்வு, காற்றின் தடை, கியர்களில் வீணாவது எல்லாம் சேர்த்து இன்னொரு 3. ஆக, வேகம் கூடாமலும் குறையாமலும் ஏறுவதற்கே 9 குதிரைத்திறன் செலவாகிறது. இருக்கும் 16இல் இது போக 7 மிச்சம். முன்னால் போகும் பஸ்ஸைத் தாண்டவோ வேகம் பிடிக்கவோ பயன்படுவது இந்த 7 மட்டுமே. ஓட்டுநர்கள் 'பிக்கப்' என்று சொல்வதும் இதைத்தான். ஏ.சி 3ஐ எடுத்துக்கொண்டால் மிச்சம் 4 ஆகிறது. பிக்கப் குறைந்தாலும் வண்டி ஓரளவு இழுக்கும்.

பழைய வண்டியில் இதே கணக்கு வேறாகிறது. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய எஞ்சினில் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து கம்ப்ரஷன் குறைந்திருக்கும். டீசலைத் தூவும் இன்ஜெக்டர்களும் முன்புபோல் சீராகத் தூவாது. ஏர் ஃபில்டரில் தூசி அடைந்திருக்கும். இவற்றால் திறனில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று வைத்துக்கொண்டால், 16 என்பது 13 ஆகிறது. பாலம் ஏறத் தேவையான 9 மட்டும் மாறுவதில்லை. ஏ.சி இல்லாமலே மிச்சம் 4தான். ஏ.சி போட்டால் எஞ்சுவது 1. புதிய வண்டியிலும் பழைய வண்டியிலும் ஏ.சி எடுத்தது அதே 3தான். புதியதில் அது மிச்சத்தில் பாதிக்கும் குறைவு, பழையதில் மிச்சத்தில் முக்கால் பங்கு. பயணியின் உடம்பு உணர்வது மொத்தத் திறனை அல்ல, இந்த மிச்சத்தைத்தான்.

இந்தக் கணக்கிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒரு விஷயமும் கிடைக்கிறது. மேட்டில் வண்டி திணறும்போது ஏ.சி.யை அணைத்தால் திரும்பக் கிடைப்பது 3 குதிரைத்திறன். ஏ.சி.யை அணைக்காமல் இரண்டாவது கியருக்கு மாற்றினால், அதே 30 கி.மீ. வேகத்தில் எஞ்சின் 2,500 சுற்றுக்கு ஏறுகிறது. அந்தச் சுற்றில் பழைய எஞ்சினே 24 குதிரைத்திறன் வரை தரும். சுற்று கூடுவதால் கம்ப்ரசர் 5 எடுத்துக்கொண்டாலும், பாலம் ஏற 9 போக, 10 மிச்சமாகிறது. அனுபவமுள்ள ஓட்டுநர் பாலத்தின் அடிவாரத்திலேயே கியரைக் குறைத்துக்கொள்வது இதனால்தான். நீண்ட மலைப்பாதையில் இரண்டாவது கியரும் போதாதபோது ஏ.சி.யை அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சிக்னலில் நிற்கும்போது நிலைமை இன்னும் இறுக்கமானது. அப்போது எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று அளவில், தன்னைத் தானே ஓட்டிக்கொள்ள மட்டும் போதுமான எரிபொருளோடு இருக்கும். கம்ப்ரசர் அதன் மேல் ஏறியதும் எஞ்சின் நின்றுவிடாதபடி, ஏ.சி போட்டவுடன் ஐடிலிங்கைச் சற்று உயர்த்தும் அமைப்பு கார்களில் உண்டு. தாழ்ந்த உறுமல் உடனே மீண்டும் எழுவது அதனால்தான். வண்டி உதறிக்கொண்டே இருந்தாலோ, நின்றே போனாலோ அந்த அமைப்பைச் சரிபார்க்க வேண்டும்.

ஏ.சி போட்டால் வரும் மந்தம் எல்லாமே இயல்பானது என்று விட்டுவிடவும் முடியாது. கண்டன்சரின் மெல்லிய தகடுகளுக்கு இடையில் சேறும் தூசியும் அடைத்துக்கொண்டால் வெப்பம் வெளியேறாமல் அழுத்தம் 300 பி.எஸ்.ஐ.யையும் தாண்டும், கம்ப்ரசர் வழக்கத்தைவிட அதிகத் திறனை உறிஞ்சும். கண்டன்சர் விசிறி சரியாகச் சுழலாவிட்டாலும், அளவுக்கு மேல் கேஸ் ஏற்றியிருந்தாலும் இதே விளைவுதான். வண்டி ஓடும்போது குளிர்ந்து, நெரிசலில் நிற்கும்போது குளிர் குறைவதும், எஞ்சின் வெப்பமானியின் முள் மேலேறுவதும் இதற்கான அடையாளங்கள். மெக்கானிக்குகள் கண்டன்சரின் மேல் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார்கள். உடனே குளிர் கூடி எஞ்சினின் முனகல் அடங்கினால், கண்டன்சர் பக்கத்தைச் சுத்தம் செய்து விசிறியைப் பார்க்க வேண்டும் என்று பொருள். ஏ.சி போட்டதும் கீச்சென்ற ஒலி வந்தால் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது தேய்ந்திருக்கும்.

ஏ.சி.யின் மேல் தவறாகப் பழி விழும் இடங்களும் உண்டு. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் சத்தம் மட்டும் உயர்ந்து வேகம் கூடவில்லை என்றால், அது வண்டியின் கிளட்ச் தகடு தேய்ந்து வழுக்குவதைக் காட்டுகிறது. ஏ.சி.யை அணைத்த பிறகும் வண்டி சமதரையிலேயே இழுக்கவில்லை என்றால் ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்ற வரிசையில் பார்ப்பது நல்லது. ஃபில்டரை மாற்றுவது சிறிய செலவு. அதனால் அதிலிருந்து தொடங்குவதே முறை.

சுமையைக் குறைக்கப் பயணியும் ஓட்டுநரும் செய்யக்கூடியவை சில உண்டு. வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டினால், அடைபட்டிருந்த சூடான காற்று வெளியேறிவிடும், அதைக் குளிர்விக்கும் வேலை கம்ப்ரசருக்கு இருக்காது. பிறகு வெளிக்காற்றை எடுக்காமல் உள்காற்றையே சுழலவிடும் நிலையில் வைத்தால் ஈரமும் வெப்பமும் திரும்பத் திரும்ப உள்ளே வராது. கார் போதுமான அளவு குளிர்ந்ததும் தெர்மோஸ்டாட் காந்த கிளட்ச்சை விட்டு விட்டு இணைக்கத் தொடங்கும். கம்ப்ரசர் ஓய்வெடுக்கும் அந்த இடைவெளிகளில் எஞ்சினின் திறன் முழுவதும் சக்கரங்களுக்குக் கிடைக்கிறது. பயணத்தின் முதல் பத்து நிமிடத்தில் மிக மந்தமாகத் தெரிந்த வண்டி பிறகு கொஞ்சம் சுறுசுறுப்பாவது இதனால்தான்.

பிற்காலக் கார்களில் இந்தச் சிக்கல் மூன்று வழிகளில் குறைக்கப்பட்டிருக்கிறது. டர்போ பொருத்திய எஞ்சின்கள் குறைந்த சுற்றிலேயே கூடுதல் இழுவை தருகின்றன. பல கார்களில், ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தும்போது எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டகம் கம்ப்ரசரைச் சில நொடிகளுக்குத் துண்டித்துவிடுகிறது. சில கம்ப்ரசர்கள் எப்போதும் முழு அளவில் அழுத்தாமல், தேவைக்கேற்பத் தம் கொள்ளளவையே குறைத்துக்கொள்கின்றன. இவை எதுவும் இல்லாத பழைய காரில் அந்த வேலைகளை ஓட்டுநரின் கையும் காலும்தான் செய்தாக வேண்டும். மேட்டுக்கு முன்பே கியரைக் குறைப்பதும், தாண்டும் நேரத்தில் ஏ.சி.யைச் சிறிது அணைத்து, தாண்டியதும் மறுபடி போடுவதும் அதற்குத்தான்.