பத்து வருடம் ஒரே மில்லில்: அதை எப்படி எழுதுவது?

ஒரே இடத்தில் பத்து வருடம் வேலை பார்த்தவர்கள் அந்த நாளில் லிங்க்ட்இன்னிலோ அலுவலக வாட்ஸ்அப் குழுவிலோ நாலு வரி எழுதிப் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் அப்படி எழுதியதைப் போன மாதம் என்னிடம் காட்டினான். "எத்தனையோ சவால்கள், எத்தனையோ சாதனைகள், நம்பிக்கை வைத்த நிர்வாகத்துக்கு நன்றி, பயணம் தொடரும்" என்று இருந்தது. வங்கிக்காரரும் இதையே எழுதலாம், செவிலியரும் எழுதலாம். அவன் மில் அதில் எங்குமே இல்லை.

"சேர்ந்த நாளில் செய்த வேலையில் இன்றைக்கும் கையால் செய்வது எதுடா?" என்று கேட்டேன்.

"கவுண்ட் பார்ப்பதுண்ணா" என்றான்.

கவுண்ட் என்பது நூலின் பருமனைச் சொல்லும் எண். ஒன்றரை கஜச் சுற்றளவுள்ள ராட்டையில் நூலை 80 சுற்று சுற்றினால் 120 கஜம் வரும். அதற்கு லீ என்று பெயர். அந்த லீயைத் தராசில் வைத்து, 64.8-ஐ அதன் கிராம் எடையால் வகுத்தால் கவுண்ட் கிடைத்துவிடும். 40 கவுண்ட் நூல் என்றால் ஒரு லீ 1.62 கிராம் இருக்க வேண்டும். எடை கூடினால் நூல் தடித்திருக்கிறது என்று அர்த்தம்.

மழைக்காலத்தில் ஒரு காலை, எடை 1.67 காட்டுகிறது. வகுத்துப் பார்த்தால் கவுண்ட் 38.8. இயந்திரத்தில் கியர் வீலை மாற்றச் சொல்ல வேண்டியதுதான் என்று தோன்றும். ஆனால் பஞ்சு காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். ஈரம் ஏறிய நூல் தடிக்காமலே எடை கூடும். அதை நம்பி வீலை மாற்றிவிட்டால், ஈரம் இறங்கியதும் அதே நூல் மெலிந்து நிற்கும். அதனால் நூலை 65 சதவீத ஈரப்பதத்தில் வைத்த அறையில் சில மணி நேரம் போட்டுவிட்டு மறுபடி எடை பார்ப்பார்கள். அப்போதும் 1.67 என்றால்தான் கோளாறு இயந்திரத்தில். அவனுக்கு இதைப் பழக்கிவிட்டவர், இப்போது ஓய்வு பெற்றுவிட்ட ஒரு மூத்த ஃபிட்டர்.

அவன் எழுத வேண்டியது இதுதான் என்று எனக்குப் பட்டது. பத்து வருடத்தில் அவனிடம் வந்த மாற்றம் இந்த ஒரு வேலைக்குள் முழுதாக இருக்கிறது. "நான் பொறுமைசாலி ஆனேன்" என்று சொன்னால் அது தன்னைத்தானே மெச்சிக்கொள்வது. நூலை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்ததைச் சொன்னால் அது வேலை, படிப்பவரே புரிந்துகொள்வார். நன்றியும் அப்படித்தான். "வழிகாட்டிய அனைவருக்கும்" என்பது யாருக்கும் போய்ச் சேராது. இன்னார் இதைச் சொல்லிக்கொடுத்தார் என்பது போய்ச் சேரும்.

மனக்குறையும் அவனுக்கு உண்டு. கூட வந்தவர்களுக்குப் பதவி உயர்வு வந்தது, இவனுக்குத் தள்ளிப்போனது. முதலில் எழுதியதில் "அங்கீகாரம் தாமதமானாலும்" என்று ஒரு சொல் போட்டிருந்தான். அந்த ஒரு சொல்லே படிப்பவரை வேறு பக்கம் இழுத்துவிடும். மேலாளர் கண்ணில் பட்டால் அது மட்டும்தான் நிற்கும். பதவி உயர்வைப் பற்றி நேரில் பேச வேண்டும், அல்லது மனுவாகக் கொடுக்க வேண்டும். எடுக்கச் சொன்னேன், எடுத்துவிட்டான். அதற்காக எல்லாமே இனிப்பாக நடந்தது போலவும் எழுதச் சொல்லவில்லை. 2020 ஊரடங்கில் மில் நின்றதும், பிறகு பாதி இயந்திரங்கள் மட்டும் ஓடியதும் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. அது இருக்கட்டும் என்றேன்.

கடைசியில் வந்தது இது:

"இந்த மில்லில் இன்றோடு பத்து வருடம். சேர்ந்த வாரம் லீ எடை பார்க்கக் கற்றேன். இன்று காலையும் அதைத்தான் செய்தேன். எடை கூடினால் வீலைத் தொடுவதற்கு முன் நூலைக் காயவிடு என்று ஃபிட்டர் அண்ணன் சொன்னதை ஒவ்வொரு மழைக்காலத்திலும் நினைத்துக்கொள்கிறேன். 2020-ல் மில் நின்று, பாதி இயந்திரங்களோடு மறுபடி ஓடிய முதல் ஷிஃப்டில் நானும் இருந்தேன். இப்போது புதிதாக வந்த இருவருக்கு ராட்டை சுற்றக் காட்டிக்கொண்டிருக்கிறேன்."

நூல் வாங்குபவர்களின் பெயர், பஞ்சுக் கலவையின் விகிதம் போன்றவற்றை இதில் சேர்க்கக் கூடாது. அவை மில்லின் சொத்து. எழுதினால் வேலைக்கே வினையாகலாம்.

இப்படி ஒன்றை நீங்களும் எழுதப் போகிறீர்கள் என்றால், யாருக்கு நன்றி சொல்லியிருக்கிறீர்களோ அவருக்குப் போன் போட்டு முதலில் படித்துக் காட்டுங்கள். "அப்படி இல்லையப்பா" என்று அவர் திருத்தினால் திருத்திவிட்டுப் போடுங்கள்.