உயர் இரத்த அழுத்தம் உள்ளவர் மெல்லோட்டம் தொடங்கலாமா?

குடும்ப மருத்துவர் ஒருவர் தமக்கு வந்த சிறு குறிப்பொன்றை அண்மையில் என்னிடம் காட்டினார். "ஐயா, எனக்கு வயது 47. இரண்டு ஆண்டுகளாக இரத்த அழுத்தத்திற்கு மெட்டோப்ரோலால் மாத்திரை உட்கொள்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன் தங்களிடம் பார்த்தபோது 150/94 இருந்தது. நாளை முதல் மெல்லோட்டம் ஓடலாமா?" என்பதே அக்குறிப்பு.

ஓடலாம், ஆனால் நாளை வேண்டாம். ஓடும்போது இரத்த அழுத்தத்தின் மேல் எண் எல்லோருக்கும் உயரும். ஓய்விலேயே அது மிகுந்திருப்பவருக்கு அவ்வுயர்வு இதயத்திற்குச் சுமையாகும். ஆகவே, முதலில் அறிய வேண்டியது இன்றைய ஓய்வுநிலை அளவு. மூன்று மாதத்திற்கு முந்தைய ஒற்றை அளவு இதற்குப் போதாது.

ஒரு வாரம் காலையும் மாலையும் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பின் இருமுறை அளந்து குறித்துக்கொள்ளுமாறு மருத்துவர் அவரிடம் கூறினார். முதல் நாளை விட்டு மற்ற நாள்களின் சராசரி 142/88 என வந்தது. சராசரியின் மேல் எண் 160-ஐத் தாண்டியிருந்தால், மருந்தைச் சீராக்கும்வரை ஓட்டத்தைத் தள்ளிவைத்திருப்போம். இவருடைய தந்தைக்கு 52 வயதில் மாரடைப்பு வந்திருந்ததால், இ.சி.ஜி.யும் டிரெட்மில் பரிசோதனையும் செய்தோம். இரண்டிலும் குறையில்லை.

முதல் இரண்டு வாரம் நாள்தோறும் அரைமணி நேர விரைவு நடை. மூன்றாம் வாரம் முதல், ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு நிமிட ஓட்டமும் மூன்று நிமிட நடையும் மாறி மாறி. ஓடும் நேரம் வாரந்தோறும் சிறிது கூடும்.

வேகத்தை நாடித்துடிப்பால் அறிய இவர் முயலக் கூடாது. மெட்டோப்ரோலால் நாடியின் வேகத்தை அடக்கிவைக்கும். உடல் களைத்திருந்தும் எண் குறைவாகவே காட்டும். அருகில் வருபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதே இவருக்கு ஏற்ற அளவுகோல். பேச்சு முறிந்தால் வேகம் மிகுதி. ஓடுவதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தே. திடீரென நிறுத்தினால் அழுத்தமும் துடிப்பும் சட்டென ஏறக்கூடும்.

ஓட்டத்தைச் சடுதியில் நிறுத்தக் கூடாது. விரிந்திருக்கும் கால் நாளங்களில் இரத்தம் தேங்கி, அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வரலாம். இறுதி ஐந்து நிமிடம் மெல்ல நடக்க வேண்டும்.

ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல், தலைசுற்றல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நின்றுவிட வேண்டும். நின்ற சில நிமிடங்களில் அது தணிந்தாலும், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தணியாவிடில் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். ஓட்டத்தால் மட்டும் வரும் வலியைச் செரிமானக் கோளாறு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.