சிறு மருத்துவமனையில் முன்பதிவு நேர ஒதுக்கீடு

முன்பதிவு நேர ஒதுக்கீடு என்பது ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவரைப் பார்க்கும் நேரத்தை முன்கூட்டியே குறித்துக் கொடுக்கும் முறையாகும். வந்த வரிசையில் டோக்கன் கொடுப்பதிலிருந்து இது வேறுபட்டது.

நேர அளவு

ஒருவருக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குவது என்பதை அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். சில நாட்கள் ஒவ்வொரு நோயாளியும் உள்ளே சென்ற நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் குறித்து, சராசரி எடுக்கலாம். சராசரி 10 நிமிடம் எனக் கொள்வோம். காலை 9 முதல் 12 மணி வரை 18 பேரைப் பார்க்கலாம் என்று தோன்றும். ஆனால் ஒருவருக்கு 20 நிமிடம் ஆனாலே அவருக்குப் பின் வருவோர் அனைவரும் 10 நிமிடம் காத்திருப்பர். அடுத்தடுத்த தாமதங்களும் இதனுடன் சேர்ந்துகொள்ளும்.

இடைவெளி

இதைத் தவிர்க்க, மணிக்கு 5 பேருக்கு மட்டும் நேரம் கொடுத்து, கடைசி 10 நிமிடத்தைக் காலியாக விடலாம். 9:20க்கு வந்தவர் 20 நிமிடம் எடுத்துக்கொண்டால், 9:30க்கு உரியவர் 9:40க்கும், 9:40க்கு உரியவர் 9:50க்கும் உள்ளே செல்வர். 10 மணிக்கு உரியவர் தம் நேரத்திலேயே செல்வார். மொத்தம் 15 பேரையே பார்க்க முடியும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை.

1952இல் இங்கிலாந்தில் நார்மன் பெய்லி வெளியிட்ட ஆய்வு, தொடக்கத்தில் இருவரை வரச்சொல்லி, பிறகு சராசரி நேரத்துக்கு ஒருவராக அழைக்கும் முறையை முன்வைத்தது. முதலாமவர் வராவிட்டாலும் மருத்துவர் சும்மா இருக்க நேராது.

தாமதமாக வருவோர்

தாமதமாக வந்தவரை உடனே உள்ளே விட்டால், நேரத்துக்கு வந்தவர் தண்டிக்கப்படுகிறார். ஆகவே தாமதமானவரை அடுத்த இடைவெளியில் பார்ப்பது வழக்கம். மூச்சுத்திணறல், பாம்புக்கடி போன்ற அவசர நிலைகளுக்கு இவ்விதி பொருந்தாது.

ஜவ்வாது மலையிலுள்ள நெல்லிவாசல்நாடு போன்ற இடங்களில் தாமதம் பெரும்பாலும் நோயாளியின் கையில் இல்லை. ஒரே பேருந்தில் பலர் வருவர்; பேருந்து பிந்தினால் அனைவரும் பிந்துவர். எடுத்துக்காட்டாக, 10:00, 10:10 ஆகிய நேரங்களுக்குப் பதிந்த இருவர் 10:25க்கு வருகிறார்கள் என்று கொள்வோம். முதலாமவரை 10:50 இடைவெளியில் பார்க்கலாம். இரண்டாமவர் 11:50 வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் திரும்பிச் செல்லும் பேருந்து போய்விடக்கூடும். எனவே பேருந்து வரும் மணியில் 10:40, 10:50 என இரு இடைவெளிகள் விடுவது நல்லது. அன்று 14 பேரையே பார்க்க முடியும். பேருந்தில் வருவோருக்கு, அது வந்து சேரும் நேரத்திலிருந்து அரை மணி தள்ளி நேரம் கொடுப்பதும் உதவும்.

சரிபார்த்தல்

பதிவேட்டில் குறித்த நேரம், வந்த நேரம், உள்ளே சென்ற நேரம் ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். நேரத்துக்கு வந்தவர்களின் காத்திருப்பு மதியத்தை நெருங்க நெருங்கக் கூடிக்கொண்டே போனால், ஒதுக்கிய நிமிடங்களோ இடைவெளியோ போதவில்லை என்று பொருள். எல்லோரும் நேரத்துக்கு வந்தும் மருத்துவர் அடிக்கடி காத்திருந்தால், ஒதுக்கிய நிமிடங்கள் அதிகம்.