எண்ணிக்கை தவறாத வரை

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஓர் ஆலை பி.ஆர்.ஐ. இணைப்பு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இனி அங்கிருந்து 30 பேர் ஒரே நேரத்தில் வெளியே பேசலாம். ஆனால் ஆலையின் இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டிக்குள் நுழைவது 30 ஜோடிக் கம்பிகள் அல்ல. போக ஒரு தடம், வர ஒரு தடம், அவ்வளவுதான்.

குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளாக எழுதுகிறார்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவே 125 மைக்ரோ நொடி இருக்கிறது. அந்த இடைவெளியை 32 கட்டங்களாக்கி, மற்றவர்களின் குரல் அளவுகளையும் வரிசையாக அனுப்பிவிடுகிறார்கள். இப்படி ஒரு சுற்றுக்கு 256 பிட், நொடிக்கு 20,48,000 பிட்.

எந்த பிட் யாருடையது என்று அதன்மேல் எழுதியிருக்காது. அதைச் சொல்வது ஓர் எண்ணி மட்டுமே. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 8 பிட் எண்ணி ஒன்று கடிகாரத் துடிப்புகளை 0 முதல் 255 வரை எண்ணுகிறது. அதன் மேல் ஐந்து பிட்டுகள் கட்டத்தின் எண். கீழ் மூன்று, கட்டத்துக்குள் எத்தனையாவது பிட் என்பது. எண்ணி 58 காட்டினால் அது 7-ஆம் கட்டத்தின் 2-ஆம் பிட். 255-க்குப் பின் அது தானாகவே 0 ஆகிவிடும்.

பெறும் பக்கத்து எண்ணியும் அதே நேரத்தில் 0-வில் தொடங்க வேண்டுமே! அதற்காகத்தான் 0-ஆம் கட்டத்தில் குரல் ஏற்றுவதில்லை. ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் அதில் 0011011 என்ற அடையாளம் வரும். பெறும் பெட்டி அதைத் தேடிப் பிடித்துத் தன் எண்ணியைச் சரிசெய்துகொள்ளும். 16-ஆம் கட்டம் அழைப்பு, மணி, துண்டிப்பு ஆகிய செய்திகளுக்கு. மீதி 30. பந்தியில் ஆள் வராத இலைக்கும் இடம் ஒதுக்கியிருப்பது போல, யாரும் பேசாத கட்டமும் காலியாகவே போகும். அதை வேறு கட்டத்தில் பேசிக்கொண்டிருப்பவருக்குக் கூடுதலாகக் கொடுக்க முடியாது.

பெரும்பாலான வம்பு கடிகாரத்தில்தான். ஆலையின் பெட்டி தொலைபேசி நிலையத்தின் கடிகாரத்தைப் பின்பற்றாமல் தன் சொந்தப் படிகத்தை நம்பி ஓடினால், இரண்டும் மெல்ல விலகும். பத்து லட்சத்துக்கு 50 என்ற வித்தியாசம் அற்பமாகத் தோன்றும். ஆனால் 8,000 சுற்றில் அது 0.4 சுற்று. ஆக, இரண்டரை நொடிக்கு ஒருமுறை ஒரு சுற்று முழுதும் தொலையும் அல்லது இரட்டிக்கும்.

பேசுபவர் காதில் அது லேசான 'டக்'. ஃபேக்ஸிலோ வரிகள் சிதையும், சில நேரம் அழைப்பே அறுந்துபோகும். இணைப்பு விளக்கு பச்சையாகவே எரிவதால், பழி ஃபேக்ஸ் எந்திரத்தின்மேல் விழுகிறது. பெட்டியின் ஸ்லிப் கணக்கைப் பாருங்கள். அது சீரான இடைவெளியில் ஏறினால் கோளாறு கடிகாரத்தில். பிட் பிழைகளோடு தாறுமாறாக ஏறினால் கேபிளில். முதல் வகைக்குக் கம்பியைத் தோண்ட வேண்டாம். பெட்டியின் அமைப்பில் கடிகார மூலத்தை உள் படிகத்திலிருந்து நிலையத்துத் தடத்துக்கு மாற்றினால் போதும்.