ஒரு பாட்டிலும் ஒரு மூட்டையும்

"அய்யா, இந்த அரை லிட்டர் பாட்டில் ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம். மூட்டை தூக்க வேண்டாம், வண்டிக்கூலி இல்லை, மண்ணும் கெடாது." நானோ யூரியாவுக்கான வயல் விழாவில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. பந்தலுக்குப் பக்கத்தில் கொடி நட்ட செயல்விளக்கத் திடல் இருக்கும். பேச்சு முடிந்ததும் டீயும் வண்ண நோட்டீஸும் கைக்கு வரும்.

இப்கோ கூட்டுறவு நிறுவனம் 2021இல் அறிமுகப்படுத்திய உரம் இது. முதலில் வந்த பாட்டிலில் 500 மில்லி திரவம், அதில் 4 சதவீதம் தழைச்சத்து. அந்தச் சதவீதம் பாட்டிலிலேயே அச்சாகியிருக்கும். அதை வைத்து அங்கேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 500 மில்லியில் 4 சதவீதம் என்றால் 20 கிராம். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது சுமார் 20 கிலோ 700 கிராம். மூட்டையில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பாட்டிலில் இருக்கிறது.

இதைக் கேட்டால் மேடையில் ஒரு பதில் வரும்: "வயலில் போடும் யூரியாவில் பெரும்பகுதி காற்றிலும் தண்ணீரிலும் போய்விடுகிறது. நானோ துகள் இலைத்துளை வழியே நேராக உள்ளே போகிறது." யூரியா வீணாவது உண்மை. நெல் வயலில் இட்டதில் பாதிக்கும் மேல் பயிருக்குக் கிடைக்காமல் போவதுண்டு. சரி, மூட்டையில் 70 சதவீதம் வீணானது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பயிருக்கு 6 கிலோவுக்கு மேல் தழைச்சத்து கிடைக்கிறது. பாட்டிலில் உள்ளது ஒரு துளி சிந்தாமல் இலைக்குள் போனாலும் கிடைப்பது 20 கிராம்தான். ஒரு டன் நெல் விளையப் பயிர் 15 முதல் 20 கிலோ தழைச்சத்து எடுத்துக்கொள்கிறது. துகளை எவ்வளவு சிறிதாக்கினாலும் இந்த இடைவெளி அடைபடாது. பின்னர் வந்த 'பிளஸ்' பாட்டிலில் சத்து கூடியிருக்கிறது. ஆனால் அதிலும் தழைச்சத்து சுமார் 100 கிராம்தான்.

அப்படியானால் திடலில் பயிர் பச்சையாக நிற்பது எப்படி? அதற்கான விடை நோட்டீஸிலேயே இருக்கிறது. பாட்டில் படத்துக்கும் விளைச்சல் எண்ணுக்கும் கீழே, சிறிய எழுத்தில் உள்ள தெளிப்பு முறையைப் படியுங்கள். லிட்டருக்கு 2 முதல் 4 மில்லி கலந்து, தூர் கட்டும் பருவத்தில் ஒரு முறை, பூப்பதற்கு முன் ஒரு முறை தெளிக்கச் சொல்லும். டிஏபி, காம்ப்ளெக்ஸ் மூலம் தரும் அடியுரத் தழைச்சத்தைக் குறைக்கக் கூடாது என்றும் சொல்லும். மேடையில் வேகமாகக் கடந்து போகும் வரி இதுதான். அடியுரம் போட்ட வயலில், மண்ணின் மக்கும் உயிர்ப்பொருளும் தழைச்சத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நல்ல கருப்பு மண்ணில் ஒரு மூட்டை மேலுரத்தைக் குறைத்தால்கூட முதல் போகத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அந்தச் சேமிப்பு குறையக் குறையத்தான் அடி விழும். லூதியானா பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டு வயலில் சோதித்தது. தழைச்சத்து உரத்தைக் குறைத்து நானோ தெளித்த வயலில், முழுப் பரிந்துரை இட்ட வயலைவிட நெல் 13 சதவீதமும் கோதுமை 21.6 சதவீதமும் குறைவாக விளைந்தன.

எனவே திடலில் நிற்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பக்கத்து வயலுக்கு என்ன போட்டீர்கள்?" என்பதுதான். இரண்டும் ஒரே ரகமா, ஒரே நாளில் நட்டதா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் அங்கே இரண்டு பாத்திகள்தான் இருக்கும். மூன்றாவதாக ஒன்று தேவை: மேலுர மூட்டையைக் குறைத்து, நானோ இல்லாமல் வெறும் தண்ணீர் மட்டும் தெளித்த பாத்தி. அது இல்லாவிட்டால், பச்சை பாட்டிலால் வந்ததா மண்ணால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

நோட்டீஸை வாங்கி வந்தவர் இதைச் சொந்த வயலில் செய்து பார்க்கலாம். ஒரே வயலில் மூன்று பாத்தி பிரித்து, தண்ணீர் கலக்காதபடி வரப்பு போட வேண்டும். முதலாவதில் முழு யூரியா, இரண்டாவதில் ஒரு மூட்டைக்கான அளவைக் குறைத்து நானோ, மூன்றாவதில் அதே குறைப்போடு வெறும் தண்ணீர். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை இலை வண்ண அட்டையை இலைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்குக் கீழே நிறம் இறங்கினால் தழைச்சத்து போதவில்லை என்று பொருள். அறுவடையில் ஓரத்தை விட்டு, ஒவ்வொரு பாத்தியின் நடுவிலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து தனித்தனியே அறுத்து, காயவைத்து எடை போட வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே எடை காட்டினால் பாட்டில் எதுவும் செய்யவில்லை. இரண்டாவது, முதலாவதைத் தொட்டால் பேச்சு உண்மை. அப்போதும் அடுத்த போகத்தில் அதே பாத்திகளில் அதையே திரும்பச் செய்து பாருங்கள்.