சராசரி எடுத்தால் பிரியும் வெளி

x, y, z என மூன்று கலப்பெண்களை வரிசையாக எழுதுங்கள். அவற்றை ஆறு விதமாக இடம் மாற்றி அடுக்கலாம். இந்த ஆறு இடமாற்றங்களும் சேர்ந்து ஒரு முடிவுறு குலம் ஆகின்றன. ஒவ்வொன்றும் முப்பரிமாண வெளியின் மேல் ஒரு நேரியல் உருமாற்றமாகச் செயல்படுகிறது. இப்படிச் செயல்படுவதையே குலத்தின் பிரதிநிதித்துவம் என்கிறார்கள்.

(1,1,1) வழியாகச் செல்லும் கோட்டை எந்த இடமாற்றமும் கலைப்பதில்லை. அந்தக் கோட்டைப் பிரித்தெடுத்தால், அதற்குத் துணையாக நிற்கும், அதேபோல் கலையாத ஒரு தளம் கிடைக்குமா? x = 0 என்ற தளம் உதவாது. அதிலுள்ள (0,1,−1), முதலிரு இடங்களை மாற்றியதும் (1,0,−1) ஆகித் தளத்தைவிட்டு வெளியேறிவிடும்.

ஆனாலும் அந்தத் தளத்தை வைத்தே தொடங்கலாம். (x,y,z)-ஐ (x,x,x)-க்கு அனுப்பும் வீழல் P, எல்லாவற்றையும் நம் கோட்டில் கொண்டு சேர்க்கிறது; x = 0 தளத்தைச் சுழியாக்குகிறது. முதல் இடத்துக்கு மட்டும் சலுகை தருவதுதான் இதன் குறை. ஆகவே குலத்தின் ஒவ்வொரு உறுப்பு g-க்கும் gPg⁻¹ கண்டு, ஆறையும் கூட்டி ஆறால் வகுப்போம். விடைகளில் இரண்டு (x,x,x), இரண்டு (y,y,y), இரண்டு (z,z,z). சராசரியின் ஒவ்வொரு இடத்திலும் (x+y+z)/3 நிற்கிறது. இது சுழியாக்குவது x+y+z = 0 என்ற தளத்தை. எப்படி இடம் மாற்றினாலும் கூட்டுத்தொகை மாறாது. எனவே அந்தத் தளம் கலையாது.

எந்த முடிவுறு குலத்துக்கும் இதே வாதம் பொருந்தும். கலையாத உள்வெளி W-இன் மேல் ஏதாவதொரு வீழலை எடுத்துச் சராசரியாக்குங்கள். W-இல் உள்ள திசையனை g⁻¹ W-க்குள்ளேயே நகர்த்தும்; P அதைத் தொடாது; g பழைய இடத்துக்கே கொண்டுவரும். ஆகவே சராசரியும் W-இன் மேல் ஒரு வீழலே. இருபுறமும் h, h⁻¹ ஆகியவற்றால் பெருக்கினால் கூட்டலின் உறுப்புகள் வரிசை மாறுமே தவிர, தொகை மாறாது. எனவே அது சுழியாக்கும் உள்வெளியும் கலையாதது. பிரிந்த துண்டுகளை மேலும் பிரித்துக்கொண்டே போகலாம். முடிவுறு பரிமாண வெளியில் ஒவ்வொரு முறையும் பரிமாணம் குறைவதால், இறுதியில் பகாத் துண்டுகளில் வந்து நிற்போம். நம் தளம் அப்படிப்பட்ட ஒன்று. சுழற்சிகள் மட்டும் இருந்தால் அது இரண்டு கோடுகளாகப் பிரிந்திருக்கும். ஆனால் இரண்டு இடங்களைப் பரிமாறும் மாற்றம் அந்தக் கோடுகளை ஒன்றுக்கொன்று மாற்றிவிடுகிறது.

இந்தத் தேற்றம் சிகாகோவில் பணியாற்றிய ஜெர்மானியக் கணிதர் ஹைன்ரிஷ் மாஷ்கேயின் பெயரால் வழங்குகிறது. குலத்தின் அளவால் வகுக்க முடிய வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. முழு எண்களின் குலத்தில் உறுப்புகள் முடிவில்லாதவை. அதில் n என்ற எண் (x,y)-ஐ (x+ny, y)-க்கு அனுப்பட்டும்; y = 0 என்ற கோடு கலையாது, ஆனால் அதற்குக் கலையாத துணைக்கோடு கிடையாது. 3 = 0 ஆகும் எண் அமைப்பிலும் வகுத்தல் நின்றுபோகிறது: அங்கே 1+1+1 = 0 என்பதால் (1,1,1) கோடு x+y+z = 0 தளத்துக்குள்ளேயே கிடக்கிறது; இரண்டையும் பிரிக்க வழியில்லை.