முறுக்குப் பாக்கெட்டில் ஒரு சண்டை

ஒரு சிறிய கதை. கதை மாந்தர் இருவரும் கற்பனை. அவர்கள் சண்டை போடும் விஷயம் முழுக்க நிஜம்.

உடன்குடிப் பக்கம் ஒரு கிராமம். பெரியப்பா மகள் அங்கே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு கைமுறுக்கும் கருப்பட்டி போட்ட முந்திரிக்கொத்தும் செய்கிறாள். சித்தப்பா மகன் லண்டனில் இருந்தபடி இணையத்தில் ஆர்டர் பிடிக்கிறான். பலகாரத்தில் இருவருக்கும் தகராறு இல்லை. பாக்கெட்டில் என்ன எழுதுவது என்பதில்தான்.

"அக்கா, முறுக்குல 'குளூட்டன் ஃப்ரீ'னு போட்டுருவோம். இங்க அதுக்குத் தனி மவுசு. அரிசி மாவும் உளுந்த மாவும்தானே?"

"போடுலே. கோதுமைய நான் கையாலயும் தொடல."

இரண்டு நாள் கழித்து அக்காவே போன் செய்தாள். "ஏலேய், அதப் போடாத. பெருங்காய டப்பாவத் திருப்பிப் பாத்தேன். கோதுமை மாவுன்னு எழுதிக் கெடக்கு."

கடையில் நாம் வாங்கும் பெருங்காயத் தூள் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பிசினின் காரம் தாங்காது என்பதால் அதில் கருவேலம் பிசினும் ஏதாவது ஒரு மாவும் கலப்பார்கள். பல தயாரிப்புகளில் அந்த மாவு கோதுமை அல்லது மைதா.

"அஞ்சு கிராம்தானேக்கா, அதுல என்ன வந்துரப்போவுது?" என்று தம்பி கேட்டான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ முறுக்குக்கு ஐந்து கிராம் தூள், அதில் பாதி கோதுமை மாவு என்று வைத்துக்கொண்டால் இரண்டரை கிராம். கோதுமை மாவில் குளூட்டன் சுமார் 8 சதவீதம் என்றாலும் 200 மில்லிகிராம் வந்துவிடுகிறது. 'குளூட்டன் ஃப்ரீ' என்று எழுத இந்தியாவிலும் பிரிட்டனிலும் உள்ள வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். பத்து மடங்கு! எண்ணெயில் பொரித்தால் குளூட்டன் அழிந்துவிடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. அழியாது. சீலியாக் நோய் உள்ளவருக்கு இந்த அளவு குடலைப் புண்ணாக்கப் போதும்.

அரிசி மாவில் கலந்த பெருங்காயத்துக்கு மாறினால் தீருமா? பாதிதான் தீரும். ஊர் மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு நம் அரிசியைக் கொட்டினால் எந்திரத்தில் ஒட்டியிருக்கும் மாவும் சேர்ந்தே வரும். இது கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. ஆய்வகப் பரிசோதனையில்தான் தெரியும். தனி எந்திரமும் பரிசோதனைச் சீட்டும் இல்லாத வீட்டுத் தொழிலுக்கு அந்தச் சொல் வேண்டாம் என்பதே என் கருத்து. 'அரிசி முறுக்கு' என்று எழுதிக் கீழே சேர்மானங்களை ஒளிவில்லாமல் போட்டால் போதும்.

அடுத்த சண்டையில் கட்சி மாறியது. முந்திரிக்கொத்துக்கு 'சர்க்கரை இல்லாதது' என்று போடச் சொன்னாள் அக்கா. "வெள்ளச் சீனி ஒரு துளி சேக்கல. சுத்தக் கருப்பட்டி. இதுல என்னல பொய்?"

"ஊர்ல சர்க்கரைன்னா சீனிதான்க்கா. வாங்குறவங்க சர்க்கரை வியாதிக்காரங்களா இருந்தா?"

தம்பி சொன்னதே சரி. கருப்பட்டியின் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் தாது உப்புகள் கூடுதலாக இருப்பதால் ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் நின்றுவிடாது. நூறு கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'சுகர் ஃப்ரீ' என்று எழுத இரு நாட்டுச் சட்டமும் விடாது. கடைசியில் 'கருப்பட்டியில் செய்தது' என்று முடிவாயிற்று. ருசியைத் தேடி வருகிறவருக்கு இதைவிட நல்ல விளம்பரமும் இல்லை.

எள்ளைப் பற்றியும் பேச்சு வந்தது. ஒவ்வாமைப் பொருள் என்று தனியாகக் காட்ட வேண்டியவற்றின் இந்தியப் பட்டியலில் எள் இல்லை. பிரிட்டன் பட்டியலில் உள்ள 14 பொருள்களில் அது உண்டு. சேர்மானப் பட்டியலில் தடித்த எழுத்து போன்ற ஏதாவது ஒரு வகையில் தனித்துத் தெரியும்படி எடுத்துக்காட்ட வேண்டும். அதனால் ஊரில் அடித்த லேபிளை அப்படியே லண்டன் பாக்கெட்டில் ஒட்ட முடியாது.

வீட்டிலிருந்து பலகாரம் செய்து விற்கிறீர்களா? இன்றைக்கே பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். கோதுமை என்றோ மைதா என்றோ அங்கே இருந்தால், உங்கள் பாக்கெட்டிலும் அதை எழுதியாக வேண்டும்.